வியட்நாமில் விலை படிப்பது: k, nghìn, triệu, ரூபாய்க் கணக்கு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

போர்டுல "Phở 45k"ன்னு எழுதியிருக்கு. 45 டோங்கா, 45 ஆயிரமா?

நாற்பத்தைந்தாயிரம் டோங். k என்றால் ஆயிரம். மூன்று சைபர் எழுதும் வேலையை மிச்சம் பிடிக்க வந்த எழுத்து, அவ்வளவுதான். அதே கடை நாளைக்கு 45.000đ என்றோ, 45 nghìn என்றோ, வெறுமனே 45 என்றோ எழுதலாம். நான்கும் ஒரே விலை. đ, ₫, VNĐ, VND எல்லாமே டோங்கைத்தான் குறிக்கின்றன.

45 டோங்காக இருக்க வழியே இல்லை. கடைகளில் கைக்கு வரும் மிகச் சிறிய நோட்டு 1,000 டோங். நாணயங்களை 2003-ல் வெளியிட்டார்கள், மக்கள் விரும்பவில்லை, 2011-ல் வெளியிடுவதை நிறுத்திவிட்டார்கள். எனவே ஆயிரத்துக்குக் குறைவான எண் ஒன்று விலையாக எழுதியிருந்தால், அதற்குப் பின்னால் ஓர் "ஆயிரம்" சொல்லாமல் விடப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ரூபாய்க்கு மாத்த மனசுலயே போடுற மாதிரி ஒரு கணக்கு இருக்கா? ஒவ்வொரு தடவையும் போனை எடுக்க முடியல.

இருக்கிறது. எந்த விலையானாலும் முதலில் அதை k எண்ணாக ஆக்குங்கள். பிறகு மூன்றால் பெருக்கி, வந்த விடையில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். அதுதான் இந்திய ரூபாய். 45k என்றால் மூன்று மடங்கு 135, அதில் பத்தில் ஒரு பங்கு 13, கூட்டினால் 148. நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு கிண்ணம் ஃபோ நூடுல்ஸ் சூப் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

2025-ல் ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 300 டோங் கிடைத்தது. அப்படிப் பார்த்தால் 1,000 டோங் என்பது மூன்று ரூபாய் முப்பது பைசா சொச்சம். இந்தப் பக்கம் முழுக்க 1k = 3.30 ரூபாய் என்றே கணக்குப் போட்டிருக்கிறோம். நீங்கள் கிளம்பும் நாளில் "1000 VND" எத்தனை ரூபாய் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 3.45 என்று வந்தால் பத்தில் ஒரு பங்குக்குப் பதிலாக ஏழில் ஒரு பங்கு கூட்டுங்கள். சாப்பாட்டுக்கும் கடைக்காரரிடம் பேசுகிற பேரத்துக்கும் இந்த வித்தியாசம் பெரிதில்லை. பணம் மாற்றும் இடத்தில்தான் அது உறைக்கும்.

"300-ஆல வகுத்தா போச்சே" என்று பலர் கேட்கிறார்கள். காகிதத்தில் சரிதான். ஆனால் 450000 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டு 300-ஆல் வகுக்கும்போது, முதலில் இரண்டு சைபரை அடித்து, பிறகு மூன்றால் வகுத்து, நடுவில் எத்தனை சைபர் அடித்தோம் என்று மறந்து, 150 என்றோ 15,000 என்றோ முடிப்பதுதான் வழக்கம். சரியான விடை சுமார் 1,500. மூன்று சைபரை ஒரே தடவை வெட்டிவிட்டு, அதன்பிறகு சைபரைத் தொடாமல் இருப்பதுதான் இந்த முறையின் பலம்.

nghìn-னு சில இடத்துல, ngàn-னு சில இடத்துல போட்டிருக்கே. ரெண்டும் வேற வேற தொகையா?

ஒரே தொகைதான், ஆயிரம். ஹனோய் பக்கம் nghìn, ஹோ சி மின் நகரம் உள்ளிட்ட தெற்கில் ngàn. k என்று எழுதியிருப்பதை வாயால் சொல்லும்போது இவற்றில் ஒன்றைச் சொல்வார்கள், அல்லது அதையும் விழுங்கிவிடுவார்கள்.

triệu-ன்னா நம்ம லட்சம் மாதிரியா?

இல்லை, பத்து லட்சம். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். ஆயிரத்துக்கு அடுத்தபடி லட்சம் என்று நமக்குப் பழகிப்போயிருக்கிறது. வியட்நாமியக் கணக்கில் லட்சத்துக்குத் தனிப்பெயர் இல்லை. அவர்களுக்கு அது "நூறாயிரம்", அதாவது 100k. ஆயிரம் ஆயிரமானால் triệu. சுருக்கமாக tr என்று எழுதுவார்கள்.

ஒரு அறை வாடகை 1 triệu என்று இருந்தால், லட்சம் என்று நினைப்பவர் 330 ரூபாய் என்று முடிவுகட்டிவிடுவார். உண்மையில் 3,300 ரூபாய். மறதி வராமல் இருக்க இரண்டே விலைகளை மனப்பாடம் செய்யுங்கள்: 100k என்றால் 330 ரூபாய், 1 triệu என்றால் 3,300 ரூபாய். இதை வைத்து மற்றவற்றை அளந்துகொள்ளலாம். 3 triệu பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. 500k ஆயிரத்து அறுநூற்றைம்பது.

கமா போடும் வழக்கமும் இங்கே குழப்பும். நாம் 15,00,000 என்று எழுதும் தொகையை அவர்கள் மூன்று மூன்றாகப் பிரித்து 1.500.000 என்று எழுதுகிறார்கள். முன்னால் தனியாக நிற்கும் 1-ஐப் பார்த்ததும் "ஒரு லட்சம்" என்று வாய் வருகிறது. கடைசி மூன்று சைபரைக் கையால் மறைத்துவிட்டுப் பாருங்கள்: 1.500. ஆயிரத்து ஐந்நூறு k. அதிலிருந்து மேற்சொன்ன கணக்குத்தான்: 4,500-உம் 450-உம் சேர்ந்து 4,950 ரூபாய்.

ஹோட்டல்காரர் "1tr2"ன்னு மெசேஜ் போட்டிருக்கார். நடுவுல எழுத்து வந்தா எப்படிப் படிக்கிறது?

tr இருக்கும் இடத்தில் ஒரு தசமப் புள்ளி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். 1tr2 என்பது 1.2 triệu, அதாவது 1.200k. ரூபாயில் 3,960. 2tr5 என்பது 2.5 triệu, 3tr என்பது முழு மூன்று. பின்னால் வரும் 2-ஐ "இரண்டாயிரம்" என்று படித்து 10,02,000 டோங் என்று கணக்குப் போடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. அந்த 2 இருநூறாயிரம்.

பின்னால் இரண்டு இலக்கம் இருந்தாலும் அதே விதி: 1tr25 என்பது 1.25 triệu. மூன்று இலக்கம் இருந்தால் அவை நேரடியாக k: 1tr250 என்பது ஒரு triệu-வும் 250k-யும். கூர்ந்து பார்த்தால் 1tr25-உம் 1tr250-உம் ஒரே தொகை. தசமப் புள்ளி என்று படித்தாலே இரண்டும் சரியாக வந்துவிடும். 1tr050 மட்டும் கவனம்: அது ஒரு triệu-வும் ஐம்பது k-யும், அதாவது 1.050k.

எழுத்தில் rưỡi என்ற சொல்லும் வரும். பொருள் "ஒன்றரை, இரண்டரை"யில் உள்ள அந்த அரை. 2 triệu rưỡi என்றால் இரண்டரை triệu. எண்ணே இல்லாமல் triệu rưỡi என்று மட்டும் இருந்தால் ஒன்றரை triệu. அரை triệu இல்லை.

சில இடத்துல 1.500.000னு புள்ளி, சில இடத்துல 1,5 triệu-னு கமா. எது ஆயிரம் பிரிக்கிறது, எது தசமம்?

வியட்நாமியர்கள் எழுதும்போது ஆயிரம் பிரிக்கப் புள்ளி, தசமத்துக்குக் கமா. நமக்கு நேர் எதிர். ஆனால் ஆங்கிலத்தில் அச்சடித்த மெனு, ஹோட்டல் இணையதளம், சில கார்டு ரசீதுகள் ஆகியவற்றில் 1,500,000 என்று நம் பக்கத்துக் கமாவும் வரும். எனவே எந்தக் குறி என்று பார்ப்பதைவிட, குறிக்குப் பிறகு எத்தனை இலக்கம் என்று பாருங்கள். மூன்று இலக்கம் இருந்தால் ஆயிரம் பிரிக்கும் குறி. ஒன்றோ இரண்டோ இருந்தால் தசமம். 1.500 என்றாலும் 1,500 என்றாலும் ஆயிரத்து ஐந்நூறு. 1,5 என்றாலும் 1.5 என்றாலும் ஒன்றரை.

விலையில் இந்த விதி அநேகமாகப் பிசகாது. எடையில் பிசகும். தராசில் அச்சான ரசீதில் 0,600 kg என்று இருந்தால் அது 600 கிராம்தான். முன்னால் சைபர் தனியாக நின்றால் தசமம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போனிலுள்ள மாற்றுக்கணக்குச் செயலியில் விலையை அப்படியே ஒட்டாதீர்கள். நம் ஊர் அமைப்பில் இருக்கும் போன் 85.000 என்பதை எண்பத்தைந்து என்று எடுத்துக்கொள்ளும். விடை 28 பைசா என்று வந்தால் நல்லதே, தவறு உடனே தெரிந்துவிடும். 1.500.000 என்று இரண்டு புள்ளி இருந்தால் சில செயலிகள் இரண்டாவது புள்ளியோடு நின்றுவிடும். புள்ளியே இல்லாமல் 1500000 என்று தட்டுவதுதான் பாதுகாப்பு.

மெனுல k-வும் இல்ல, சைபரும் இல்ல. 85, 120, 1.200ன்னு மட்டும் இருக்கு. கடைசி மட்டும் ஆயிரத்து இருநூறு டோங்கா?

மூன்றுமே k தான். 85 என்பது 85k, 120 என்பது 120k, 1.200 என்பது 1.200k, அதாவது 1,2 triệu. மெனுவில் ஒரு வரியில் மூன்று சைபரை விட்டிருந்தால் எல்லா வரியிலும் விட்டிருப்பார்கள். 85-ஐ k ஆக எடுத்துக்கொண்டு, 1.200-ஐ மட்டும் "இதில்தான் சைபர் இருக்கிறதே" என்று முழு டோங்காக எடுப்பவர்கள் நான்கு ரூபாய்க்கு லாப்ஸ்டர் என்று மகிழ்ந்துபோகிறார்கள். பில் வரும்போது 3,960.

இதற்குச் சோதனை எளிது: மெனுவில் தண்ணீர், பீர், சாதம் என்று மலிவான வரியைத் தேடுங்கள். அங்கே 15, 25 என்று இருந்தால் முழு மெனுவும் k-யில். 15.000, 25.000 என்று இருந்தால் முழு டோங்கில்.

நட்சத்திர ஹோட்டல்களில் 850++ என்று பார்த்தால், அந்த இரண்டு கூட்டல் குறிகளும் சேவைக் கட்டணத்துக்கும் வாட் வரிக்கும். சேவை பெரும்பாலும் 5%, அதற்குமேல் வரி 8% அல்லது 10%. 850k கடைசியில் 965k-யிலிருந்து 980k வரை போகும். இது சைபர் தவறு இல்லை என்றாலும், பில்லைப் பார்த்துவிட்டுச் சைபரைத் தேடுகிறவர்கள் உண்டு.

கடைக்காரம்மா வாயால சொல்றது புரியல. "ஹாய் சாம்"னு கேட்டுது, 200 டோங்கா?

hai trăm என்றால் இருநூறு. முதல் பதிலில் சொன்ன விதியேதான்: ஆயிரத்தை விழுங்கிவிட்டார்கள், விலை 200k. பேச்சில் இப்படித்தான் எப்போதும். năm mươi என்றால் 50k, trăm rưỡi என்றால் 150k.

எழுத்தில் 1tr2-க்கு உள்ள பழக்கம் பேச்சிலும் உண்டு. một trăm hai என்பதைச் சொல்லுக்குச் சொல் "நூறு, இரண்டு" என்று எடுத்து 102 என்று நினைக்கக் கூடாது, அது 120. một triệu hai என்றால் 1,2 triệu. நடுவில் உண்மையிலேயே சைபர் இருந்தால் அதைச் சொல்வார்கள்: வடக்கில் linh, தெற்கில் lẻ. một trăm linh hai என்று கேட்டால்தான் 102.

காது ஏமாறும் இன்னொரு ஜோடி 15-உம் 50-உம். mười lăm பதினைந்து, năm mươi ஐம்பது. நம் காதுக்கு இரண்டிலும் ஒரே ஒலிகள் இடம் மாறி வருவதுபோல் இருக்கும். பேரம் பேசும் இடத்தில் காதை நம்பாமல் கால்குலேட்டரை நீட்டுங்கள். கடைகளில் அது சாதாரணம். அவர் 150 என்று தட்டினாலும் 150000 என்று தட்டினாலும் பொருள் ஒன்றே. நீங்கள் பதிலுக்குத் தட்டும்போது அவர் எப்படித் தட்டினாரோ அப்படியே தட்டுங்கள். அவர் 150000 என்று காட்டி, நீங்கள் 100 என்று காட்டினால் சிரிப்பு வரும், பேரம் நகராது.

இளைஞர்கள் பேச்சில் củ என்ற சொல் அடிக்கடி வரும். கிழங்கு என்று அகராதி சொல்லும். பணப் பேச்சில் அது ஒரு triệu.

டாக்ஸி மீட்டர்ல 62.0ன்னு காட்டுது. டிரைவர் ஆறு லட்சத்து இருபதாயிரம் கேட்கிறார். யார் சரி?

மீட்டர்தான் சரி, அதுவும் 62k. வியட்நாமின் பல டாக்ஸி மீட்டர்கள் ஆயிரத்தில் காட்டும். புள்ளிக்குப் பின்னால் இருப்பது நூறு டோங். 62.0 என்றால் 62.000 டோங், ரூபாயில் 205. புள்ளியைக் கவனிக்காமல் 620 என்று படித்து அதை k ஆக்கினால் 620k, அதாவது 2,046 ரூபாய். பத்து மடங்கு. அந்தச் சின்னப் புள்ளியைப் பயணி பார்க்கவில்லை என்று தெரிந்தால் அப்படிக் கேட்கிற ஓட்டுநர்களும் இருக்கிறார்கள்.

ஏறியதும் மீட்டர் காட்டும் தொடக்க எண்ணைப் பாருங்கள். வண்டி நகருமுன் 10.0 அல்லது 12.0 போல ஏதோ காட்டும். அது 10k, 12k தொடக்கக் கட்டணமாகத்தான் இருக்க முடியும். 100k-யில் தொடங்கும் நகர டாக்ஸி இல்லை. தொடக்கத்தை எப்படிப் படித்தீர்களோ முடிவையும் அப்படியே படியுங்கள். விமான நிலைய நுழைவுக் கட்டணம், சுங்கம் மீட்டருக்கு மேல் தனியாக வரலாம். அவை சில ஆயிரங்களிலிருந்து சில பத்தாயிரங்கள் வரைதான், லட்சங்களில் இருக்காது.

கடல் உணவுக் கடை பில்லு மட்டும் எப்பவும் எதிர்பார்த்ததைவிட பெருசா வருது. எங்க தப்பு பண்றோம்?

பெரும்பாலும் சைபரில் அல்ல, அலகில். விலைக்குப் பின்னால் சாய்கோடு போட்டு எழுதியிருப்பதைப் படியுங்கள். /kg கிலோவுக்கு, /con உருப்படிக்கு, /phần ஒரு பங்குக்கு. ஏமாற்றுவது /lạng. அது 100 கிராம். கிலோ விலை பெரிதாகத் தெரியும் என்பதால் இறால், கணவாய் போன்றவற்றை லாங் கணக்கில் எழுதும் கடைகள் உண்டு. லாங் விலையைப் பத்தால் பெருக்கினால்தான் கிலோ விலை.

தா நாங்கில் நால்வர் சாப்பிட்டதாக ஒரு பில்லை வைத்துக்கொள்வோம். மெனுவில் எல்லாம் k இல்லாத எண்கள். இறால் 65/lạng, 600 கிராம் எடுத்தார்கள்: ஆறு லாங், 390k. நண்டு 550/kg, தராசில் 0,8 கிலோ: 440k. வறுத்த சாதம் 85, இரண்டு தட்டு: 170k. பீர் 25, நான்கு: 100k. மேசையில் கேட்காமலே வைத்த ஈரத்துண்டு 3, நான்கு: 12k. ஆமாம், அதற்கும் காசு. உறையைப் பிரிக்காவிட்டால் போட மாட்டார்கள். மொத்தம் 1.112k. பில்லின் அடியில் 1.112.000 என்று இருக்கும். மூன்று மடங்கு 3,336, பத்தில் ஒரு பங்கு 334, ஆக 3,670 ரூபாய்.

இதே மேசையில் இறாலைக் கிலோ 65k என்று எண்ணியிருந்தால் 39k-தான் மனக்கணக்கில் வந்திருக்கும். ரூபாயில் 1,150-க்கு மேல் இடிக்கும். பில்லைச் சரிபார்க்க மூன்று தலைப்பு தெரிந்தால் போதும்: SL அளவு அல்லது எண்ணிக்கை, Đơn giá ஓர் அலகின் விலை, Thành tiền அந்த வரியின் தொகை. முதல் இரண்டையும் பெருக்கினால் மூன்றாவது வர வேண்டும். அடியில் Tổng cộng மொத்தம். மெனுவில் விலைக்குப் பதில் thời giá என்று இருந்தால் அன்றைய சந்தை விலை. எடை போடுமுன் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் போட்ட ரூபாய்க் கணக்கு சரியான்னு உடனே எப்படித் தெரிஞ்சுக்கிறது?

சைபர் தவறு என்றால் விடை பத்து மடங்கு கூடும் அல்லது குறையும். பத்து மடங்கு பிசகு பொது அறிவுக்கே தட்டுப்படும், விலை என்ன அளவில் இருக்கும் என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால். தெருவோரக் காபி 20k முதல் 35k வரை, ரூபாயில் 65 முதல் 115. சாதாரணக் கடையில் ஃபோ 40k முதல் 60k, அதாவது 130 முதல் 200. சிறிய தண்ணீர்ப் புட்டி 5k முதல் 10k. ஃபோவுக்கு உங்கள் விடை 15 ரூபாய் என்றோ 1,500 என்றோ வந்தால் திரும்பிப் போடுங்கள்.

150-க்குப் பதில் 15 வந்தால், காரணம் பெரும்பாலும் பெருக்குவதற்குப் பதில் வகுத்ததுதான். "ஒரு ரூபாய்க்கு 300 டோங்" என்று மனதில் இருப்பதால் k எண்ணையும் மூன்றால் வகுத்துவிடுகிறார்கள், 45 பதினைந்தாகிறது. ரூபாய் எண் எப்போதும் k எண்ணைவிடப் பெரியது. சிறிதாக வந்தால் அந்த இடத்திலேயே தவறு.

20,000 நோட்டுக்குப் பதிலா 500,000 கொடுத்துட்டு வந்துட்டோம்னு நிறைய பேர் சொல்றாங்களே?

இரண்டும் நீலச் சாயல். இருட்டில், அதுவும் அவசரத்தில், எளிதில் மாறும். 66 ரூபாய் கொடுக்க வேண்டிய இடத்தில் 1,650 ரூபாய் போய்விடும். எல்லா நோட்டிலும் ஹோ சி மின் படமே இருப்பதால் முகத்தை வைத்து அடையாளம் காண முடியாது. பின்பக்கத்தைப் பாருங்கள்: 20,000-ல் ஹோய் ஆன் ஊரின் கூரை போட்ட பாலம், 500,000-ல் ஹோ சி மின் வளர்ந்த கிராமத்து ஓலை வீடு. அளவும் உதவும். 500,000 நோட்டு 152 மில்லிமீட்டர் நீளம், 20,000 நோட்டு 136.

சிவப்புக் கலந்த பழுப்பான 200,000 நோட்டும் மஞ்சள் பழுப்பான 10,000 நோட்டும் இன்னொரு ஜோடி. நடைமுறை வழி, 100,000-உம் அதற்கு மேலும் உள்ள நோட்டுகளைப் பணப்பையின் வேறு அறையில் வைப்பதுதான். கொடுக்கும்போது நோட்டின் தொகையை k ஆக வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். சில்லறை எண்ணும்போது அது உங்களுக்கே சாட்சி.

ஏடிஎம்லயும் கார்டு மெஷின்லயும் சைபர் மாறினா?

ஏடிஎம்மில் ஒரு சைபர் கூடினால் பெரும்பாலும் இயந்திரமே மறுத்துவிடும். ஒரு தடவைக்கு 2 முதல் 5 triệu வரை என்ற வரம்பு பல வங்கிகளில் இருக்கிறது. குறைந்தால்தான் நஷ்டம்: 2.000.000 என்று நினைத்து 200.000-ஐ அழுத்தினால் ஒரே நோட்டு வரும், ஆனால் கட்டணம் முழுதாகப் போகும். திரையில் புள்ளிகளை எண்ணுங்கள். ஒரு புள்ளி என்றால் ஆயிரங்கள், இரண்டு புள்ளி என்றால் triệu.

கார்டு மெஷினில் அப்படி வரம்பு காப்பாற்றாது. ஊழியர் 850000-க்குப் பதில் 8500000 அடித்தால் 28,050 ரூபாய் போகும். பின் எண் போடுமுன் திரையில் தொகையை வலமிருந்து மூன்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். டோங்கிலா ரூபாயிலா என்று மெஷின் கேட்டால் டோங்கையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தை அவர்கள் வைப்பார்கள், அது உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

20,000 ரூபாய் மாத்தினா எவ்வளவு டோங் வரணும்?

ரூபாயிலிருந்து டோங்குக்குக் கணக்குப் போடும்போது ஒரு நல்ல வசதி: ஆயிரம் ரூபாய்க்கு 300k. இருபதாயிரத்துக்கு 6.000k, அதாவது 6 triệu. மாற்றுபவரின் கழிவு போக அதைவிடச் சற்றுக் குறையும். கையில் 5,7 triệu வந்தால் விகிதம் சுமார். 600k வந்தால் ஒரு சைபர் காணவில்லை, கவுண்டரை விட்டு நகராதீர்கள். 500,000 நோட்டாகவே கொடுத்தால் 6 triệu-வுக்குப் பன்னிரண்டு நோட்டு. சைபரை எண்ணுவதைவிட நோட்டை எண்ணுவது எளிது.

நான் இலங்கை ரூபாயில கணக்குப் பார்க்கணும். மூணால பெருக்குறது பொருந்துமா?

பொருந்தாது. k எண்ணாக்கும் முதல் படி அப்படியே. பெருக்கும் எண் மட்டும் வேறு. 2025-ன் விகிதத்தில் 1,000 டோங் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு இலங்கை ரூபாய். k எண்ணின் பின்னால் ஒரு சைபர் சேர்த்து, அதோடு k எண்ணையும் ஒருமுறை கூட்டுங்கள்: 45k என்றால் 450-உம் 45-உம், 495 ரூபாய். சற்றுக் கூடுதலாகவே ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம்.

tỷ-ன்னு ஒண்ணு பார்த்தேன். அது எவ்வளவு?

ஆயிரம் triệu, நம் கணக்கில் நூறு கோடி டோங். ரூபாயில் 33 லட்சம். சுற்றுலா போகிறவர் கண்ணில் இது வீட்டுமனை விளம்பரங்களிலும் லாட்டரிச் சீட்டுகளிலும்தான் படும். 3 tỷ 2 என்று இருந்தால் 1tr2-க்குச் சொன்ன அதே முறைப்படி 3,2 tỷ. ஒரு கோடியே ஐந்தரை லட்சம் ரூபாய். சாப்பாட்டு பில்லில் இந்தச் சொல் வர வாய்ப்பில்லை.